நீராவிச் சுழலியின் வெளியேற்ற வெப்பமானியும் அது காட்டாத இழப்பும்

சூரியநெல்லியை அடுத்த ஆனயிறங்கல் நீர்த்தேக்கம் பன்னியார் நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு கிலோகிராம் நீர் எவ்வளவு வேலை தரக்கூடும் என்பதை, நீர் விழும் உயரத்தை அளந்தே சொல்லிவிடலாம். 1962-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய நெய்வேலி போன்ற அனல்மின் நிலையத்தில் இவ்வாறு அளக்கக்கூடிய உயரம் எதுவும் இல்லை. நீராவியின் ‘வீழ்ச்சி’ அதன் என்தால்பி குறைவதே ஆகும். அதை நீராவி அட்டவணையிலிருந்துதான் பெறவேண்டும்.

பயிற்சிக்கென எடுத்துக்கொண்ட ஒரு சுழலியைக் காண்போம். நீராவி 40 பார் அழுத்தத்திலும் 400° செ. வெப்பநிலையிலும் நுழைகிறது. அதன் என்தால்பி h1 கிலோகிராமுக்கு 3214.5 கிலோஜூல், என்ட்ரோபி 6.771. அது கண்டென்சருக்குள் 0.10 பார் தனி அழுத்தத்தில் வெளியேறுகிறது என்க. உராய்வோ வெப்பக் கசிவோ இல்லாத சுழலியில் என்ட்ரோபி மாறாது. 0.10 பாரில் பூரித நீரின் என்ட்ரோபி 0.649, ஆவியாகும்போது அது கூடும் அளவு 7.500. ஆகவே இலட்சிய வெளியேற்றத்தின் உலர்வு விகிதம் (6.771 − 0.649) ÷ 7.500 = 0.816. அதே அழுத்தத்தில் நீரின் என்தால்பி 191.8, ஆவியாதலின் உள்வெப்பம் 2392.1. எனவே,

h2s = 191.8 + 0.816 × 2392.1

இதன் மதிப்பு, விகிதத்தின் அடுத்த இலக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2144.6 ஆகும். இலட்சிய வீழ்ச்சி 1069.9 கிலோஜூல்.

உண்மைச் சுழலியில் உராய்வாலும் சுழிப்பாலும் வேலையின் ஒரு பகுதி மீண்டும் வெப்பமாகி நீராவியிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் அது இலட்சிய நிலையைவிட மிகுந்த என்தால்பியுடன் வெளியேறுகிறது. சம என்ட்ரோபிப் பயனுறுதிறன் என்பது உண்மை வீழ்ச்சிக்கும் இலட்சிய வீழ்ச்சிக்கும் உள்ள விகிதம்:

η = (h1 − h2) / (h1 − h2s)

η 0.82 எனில், ஒவ்வொரு கிலோகிராமும் 877.3 கிலோஜூல் வேலை தரும்; h2 = 3214.5 − 877.3 = 2337.2. வினாடிக்கு 20 கிலோகிராம் நீராவி பாய்ந்தால் தண்டில் கிடைப்பது ஏறத்தாழ 17,546 கிலோவாட். தாங்கிகளும் மின்னாக்கியும் சேர்ந்து 97 விழுக்காடு தருமாயின், மின் வெளியீடு 17,020 கிலோவாட்.

பாடநூற் கணக்கு இத்துடன் முடிகிறது. நிலையத்தில் η கொடுக்கப்படுவதில்லை. அதைத்தான் கண்டறிய வேண்டும். வெளியேற்றக் குழாயில் வெப்பமானி வைத்து h2-ஐப் படித்துவிடலாம் என்று மாணவர் எண்ணுவது இயல்பு. ஆனால் ஈரமான நீராவியில் அழுத்தம் குறிக்கப்பட்டதும் வெப்பநிலையும் தானே குறிக்கப்பட்டுவிடுகிறது. 0.10 பாரில் அது 45.8° செ.; உலர்வு 0.82 ஆயினும் 0.91 ஆயினும் வெப்பமானி அதையே காட்டும். எனவே கணக்கைத் திருப்பிப் போடவேண்டும். மின் வெளியீட்டிலிருந்து தண்டு வேலையையும், அதை நீராவி ஓட்டத்தால் வகுத்துக் கிலோகிராமுக்குரிய வேலையையும், அதை h1-இலிருந்து கழித்து h2-ஐயும் பெறலாம்.

சில மாதங்களுக்குப் பின், அதே ஓட்டத்தில் வெளியீடு 16,230 கிலோவாட்டாகக் குறைந்தது என்று கொள்வோம். இதை 0.97-ஆலும் பின்னர் 20-ஆலும் வகுத்தால் 836.6 கிலோஜூல் கிடைக்கும். வெளியேற்ற அழுத்தம் இன்னும் 0.10 பார்தான் எனில், பயனுறுதிறன் 836.6 ÷ 1069.9, அதாவது 78.2 விழுக்காடு. h2 2377.9 ஆகவும் உலர்வு விகிதம் 0.90-இலிருந்து 0.91 ஆகவும் ஏறியிருக்கும். வெளியேறும் நீராவி முன்னைவிட உலர்ந்திருப்பது இங்கே நற்குறி அன்று. பிளேடுகளில் படிவு சேர்ந்திருக்கலாம், அல்லது கசிவுத் தடைகள் தேய்ந்திருக்கலாம்.

ஆனால் வெளியேற்ற வெப்பமானி 54° செ. காட்டினால் கதையே வேறு. அவ்வெப்பநிலைக்குரிய அழுத்தம் 0.15 பார். அங்கே h2s 2194.0, இலட்சிய வீழ்ச்சி 1020.5 ஆகக் குறைந்துவிடுகிறது. 836.6 ÷ 1020.5 என்பது மறுபடியும் 82 விழுக்காடே! சுழலி பழுதின்றி இருக்கிறது, குறைந்தது வெற்றிடம். கண்டென்சர் குழாய்களின் அழுக்கையும், குளிர்நீரின் அளவையும், உட்புகும் காற்றையும் ஆராய வேண்டும். சுழலியின் உறையைத் திறப்பது வீண் செலவு. அந்த வெப்பமானி பயனுறுதிறனைக் காட்டாவிடினும், பிழை எப்பக்கம் என்பதை இவ்வாறு காட்டிவிடுகிறது.

சர்க்கரை ஆலைகளில் உள்ள பின்னழுத்தச் சுழலிகளில் இந்தச் சுற்றுவழி பெரும்பாலும் தேவையில்லை. அங்கே வெளியேறும் நீராவி மிகைவெப்பம் உடையதாயின், அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று சாராதவை. இரண்டையும் கொண்டு h2-ஐ அட்டவணையில் நேரே படிக்கலாம். மறுபுறம், ஊட்டுநீரைச் சூடாக்க இடையிலேயே நீராவி பிரித்தெடுக்கப்படும் பெரிய சுழலிகளில் மேற்கண்ட ஒற்றை வகுத்தல் பொருந்தாது. ஒவ்வொரு பிரிவின் ஓட்டத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். எந்த முறையிலும் ஓட்டமானியைச் சரிபார்த்த பிறகே மேலே செல்லவேண்டும். அது ஒரு விழுக்காடு மிகுதியாகக் காட்டினால், இக்கணக்கில் வரும் பயனுறுதிறன் ஏறத்தாழ அதே ஒரு விழுக்காட்டுப் பங்கு குறைந்து தோன்றும்.