உள் தணிக்கையின் பரப்பும் எல்லையும்

அங்கத்தினர்களுக்கு ஆண்டுத் தணிக்கை புதிதன்று. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி தணிக்கையாளர் வருகிறார். ஆண்டு முடிந்த கணக்குகளைப் பார்த்துச் சான்று அளிக்கிறார். நாம் இங்கே ஆராயப்போவது அதையன்று. சங்கமே தன் காரியங்களைத் தானே ஆண்டு நடுவில் பார்த்துக்கொள்ளும் உள் தணிக்கையைப் பற்றியே இப்பாடம். அதிலும் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன் செய்யவேண்டிய இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சங்கத்தில் தணிக்கைக்கு உரியவை எவை எவை என்று முழு ஜாபிதா ஒன்று தயாரிப்பது முதலாவது. இதைத் தணிக்கைப் பரப்பு என்போம். அந்த ஜாபிதாவில் ஒன்றை எடுத்து, எதுவரை பார்ப்பது, எதைப் பார்ப்பதில்லை என்று திட்டக் குறிப்பில் எழுதி வைப்பது இரண்டாவது.

நாம் அறிந்த ஒரு நெசவாளர் சங்கம், பெயர் வேண்டா. 180 தறிகள் உண்டு. பெரும்பாலும் வெள்ளை வேட்டி. அங்கே முதன்முதலாகப் பரப்பு எழுதியபோது, அலுவலகத்தில் உள்ள மேசைகளைப் பார்த்தே எழுதினார்கள். ரொக்கம், நூல் கிடங்கு, கூலிப் பட்டுவாடா, துணிக் கிடங்கு, விற்பனை, கடன், கட்டடம் என்று ஒவ்வோர் உத்தியோகஸ்தருக்கும் ஒரு வரி. பார்வைக்கு அழகாகவே இருந்தது. அவ்வாண்டு நூல் கிடங்கைத் தணிக்கை செய்தார்கள். வரவு, பட்டுவாடா, இருப்பு மூன்றும் ஒரு கிராம்கூடப் பிசகாமல் ஒத்துவந்தன. ஆயினும் நெசவாளர்களின் முறையீடு ஓயவில்லை. வேட்டி அளவு குறைகிறது என்று கூலியில் பிடிக்கிறார்கள், நூலே குறைவாக வருகிறது என்பது அவர்கள் வாதம். நூல் கணக்கு சரி என்று தணிக்கை சொல்லிவிட்டபடியால், குற்றம் நெசவாளர் தலையிலேயே விழுந்தது.

பிழை எங்கே? கிடங்கிலிருந்து நூல் நேராகத் தறிக்குப் போவதில்லை. வெளுப்பதற்காக வெளியார் சாயப்பட்டறைக்குச் சென்று, மீண்டு வந்த பிறகே நெசவாளர் கைக்கு வருகிறது. பட்டறைக்கு மேசை இல்லை. ஆகவே ஜாபிதாவில் வரியும் இல்லை. ஒரு பொருள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடத்திலேதான் பெரும்பாலும் அது குறைகிறது. மேசைவாரியாக எழுதிய பரப்பில் அந்த இடங்களே விடுபட்டுப்போகும்.

எனவே பரப்பைப் பொருளின் வழியே எழுதவேண்டும். நூல் வாங்குவது, பட்டறைக்கு அனுப்பி மீட்பது, நெசவாளருக்குக் கொடுப்பது, துணி வாங்குவது, கூலி கொடுப்பது, கோ-ஆப்டெக்ஸுக்கும் பிறருக்கும் விற்பது, பணம் வசூலாவது என்று நூல் பணமாகும் வரை உடன் நடந்து செல்லவேண்டும். விளைபொருள் சங்கத்தாரும் களத்து மூட்டையுடன் இவ்வாறே நடக்கலாம். மேற்கண்ட சங்கத்தில் மறுமுறை இப்படி எழுதியபோது 14 இனங்கள் வந்தன. உள் தணிக்கைக்கு இருவர். ஆண்டுக்கு இருவருமாக 60 நாள் உழைப்பு. ஓர் இனத்துக்குப் பன்னிரண்டு நாள் எனக் கொண்டால் ஐந்து இனங்களே ஆகும். எந்த ஐந்து? புழங்கும் பணம், மாறும் கைகள், கடைசியாகப் பார்த்த ஆண்டு, அங்கத்தினர் முறையீடு ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்ததில், ஒருபோதும் பார்க்கப்படாத பட்டறைப் போக்குவரத்து முதலில் நின்றது. எஞ்சிய ஒன்பதையும் இவ்வாண்டு பார்க்கவில்லை என்று நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்தார்கள். பலர் இதைச் செய்வதில்லை. செய்வதே முறை என்பது நம் அபிப்பிராயம். உள் தணிக்கையாளர் கழகம் 2024இல் வெளியிட்ட உலகத் தரவிதிகளும் இத்தகைய இடர் மதிப்பீட்டை ஆண்டுக்கொரு முறையேனும் செய்யவேண்டும் என்கின்றன.

இனித் திட்டக் குறிப்பு. அது இரண்டு பக்கங்களுக்கு மேற்படவில்லை. முதல் வரியில் நோக்கத்தைக் கேள்வியாகவே எழுதினார்கள்: "கிடங்கிலிருந்து வெளுக்கச் சென்ற நூல் முழுவதும், நியாயமான கழிவு நீங்க, நெசவாளர் கைக்கு வந்து சேர்கிறதா?" 'நூல் நிர்வாகத்தைப் பரிசீலித்தல்' என்று எழுதியிருந்தால் அதற்கு ஒருநாளும் விடை கிடைத்திராது.

அடுத்தது, எதனோடு ஒப்பிடுவது என்பது. வெளுக்கும்போது பருத்தி நூல் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு எடை குறையும். சங்கத்தின் ஒப்பந்தத்தில் 6 பங்கு அனுமதி உண்டு. ஆகவே 500 கிலோ அனுப்பினால் 470 கிலோ திரும்பவேண்டும். சங்கத்தின் வரவுச் சீட்டு ஒன்றில் கண்டது 452. இதை ஏன் எவரும் கவனிக்கவில்லை? கிடங்குப் புத்தகம் கிலோவில் நடக்கிறது. நெசவாளர் பாஸ் புத்தகம் சிட்டத்தில் நடக்கிறது. இரண்டையும் எவரும் இணைத்துப் பார்த்ததில்லை. பட்டறையார் கட்டி அனுப்பிய கட்டுகளில் '50 சிட்டம்' என்று சீட்டு இருந்தது. அதையே நம்பிப் பிரிக்காமல் நெசவாளரிடம் கொடுத்தார்கள்.

எடை மட்டும் போட்டால் போதாது என்றும் குறிப்பில் கண்டிருந்தது. 40ஆம் நம்பர் நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு சிட்டம் 11 கிராமுக்குச் சற்று மேல். வெளுத்தபின் இரண்டு சிட்டம் சேர்ந்து 21 கிராம்தான். ஐம்பது சிட்டக் கட்டில் ஈரம் சிறிது மிகுந்தாலே இந்த 21 கிராம் மறைந்துவிடும். ஆகவே கட்டைப் பிரித்துச் சிட்டங்களை எண்ணவேண்டும் என்று எழுதினார்கள்.

காலம், 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை. தீபாவளிக்கும் பொங்கலுக்குமாகத் தறிகள் ஓயாத மாதங்கள். வாரம் ஒன்றாகப் பட்டறைக்குச் சென்ற 26 தவணைகளில், தீபாவளிக்கு முந்திய 8 தவணைகள் முழுவதும், ஏனைய 18இல் மூன்றுக்கு ஒன்றாக 6 தவணைகளும், ஆக 14 பார்ப்பது. கூலிப் பிடித்தத்துக்கு ஆளான 22 நெசவாளர்கள் அனைவரோடும், பிடித்தமே இல்லாத பத்துப் பேரையும் விசாரிப்பது. இப்பத்துப் பேர் இல்லாவிடில், குறை நெசவாளரிடமா, நூலிலா என்று பிரித்தறிய வழியில்லை. அறிவிப்பின்றி ஒருநாள் கிடங்கில் பத்துக் கட்டுகளைப் பிரித்து எண்ணுவது. எல்லையைக் கிடங்குப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கலாம். அந்த நாளை மட்டும் தெரிவிக்கலாகாது.

பார்க்காதவற்றையும் எழுதினார்கள். நூல் கொள்முதல் விலை, துணி விற்பனை, ரொக்கம் ஆகியவை இப்பணியில் இல்லை. அவை சரியாக உள்ளன என்று பொருள் கொள்ளவேண்டா என ஒரு வரியும் சேர்த்தார்கள். பட்டறையின் சொந்தப் புத்தகங்களைக் காண ஒப்பந்தத்தில் சங்கத்துக்கு உரிமை இல்லை. கேட்டுப் பார்ப்பது, மறுத்தால் மறுத்ததாக அறிக்கையில் எழுதுவது என்று முடிவாயிற்று. இத்தடையை முன்கூட்டியே எழுதாவிட்டால், பின்னால் அது தணிக்கையாளரின் சோம்பலாகத் தோன்றும்.

காரியதரிசி குறிப்பைப் படித்துவிட்டு, "கூலிப் பிடித்தம் நூல் தணிக்கையில் ஏன் வரவேண்டும்? விட்டுவிடலாமே" என்றாராம். முந்தைய ஆண்டும் இப்படி ஒரு சொல்லால்தான் எல்லை கிடங்கோடு நின்றது. இம்முறை தணிக்கையாளர் தாமே குறைக்கவில்லை. காரணத்தோடு குழுவின் முன் வைத்தார். குழு பழைய எல்லையையே உறுதி செய்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டது.

பன்னிரண்டு நாளில் பணி முடிந்தது. பிரித்த பத்துக் கட்டுகளில் ஏழில் 48 சிட்டமே இருந்தன. 14 தவணைகளில் ஒன்பதில் எடை அனுமதியைக் கடந்து குறைந்திருந்தது. பிடித்தத்துக்கு ஆளான 22 பேரில் 19 பேர் அந்த ஒன்பது தவணைகளின் நூலையே நெய்தவர்கள். பிடித்தமில்லாத பத்துப் பேரில் அந்த நூலைப் பெற்றவர் ஒருவர்தான். பத்தொன்பது பேருக்கும் பிடித்த கூலியைத் திருப்பித் தரக் குழு தீர்மானித்தது. பட்டறைப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்ப்பதென்றும், வரும் கட்டுகளில் பத்துக்கு ஒன்றைக் கிடங்கிலேயே பிரித்து எண்ணுவதென்றும் அதே கூட்டத்தில் முடிவாயிற்று. எஞ்சிய மூவரின் பிடித்தத்துக்குக் காரணம் இப்பணியில் புலப்படவில்லை. துணி வாங்கும் மேசையில் அளவு எடுக்கும் முறையை அடுத்த ஆண்டுப் பரப்பில் தனி இனமாகச் சேர்த்திருக்கிறார்கள்.