நெல்லுக்கு ஜிங்க்: மண்ணில் இடுவதா, இலையில் தெளிப்பதா?

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் வயல் திட்டுத் திட்டாகக் குட்டையாகி, தூர் கட்டாமல் நின்றால் பலரும் முதலில் யூரியாவைத்தான் தூவுகிறார்கள். அதற்குமுன் இலையைப் பாருங்கள். தழைச்சத்துக் குறைவில் அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைவில் புது இலை வெளிறும். துத்தநாகக் குறைவிலோ இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். களர் மண்ணிலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், எந்நேரமும் நீர் தேங்கும் வயலிலும் இது அதிகம்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிறு திட்டில் மட்டும் ஜிங்க் சல்பேட் கரைசல் தெளியுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அங்கே வரும் புது இலை பச்சையாக இருந்தால் குறை எதுவென்று தெரிந்துவிடும். ஆனால் அளவை முடிவுசெய்ய, நடவுக்கு முன்பே எடுத்த மண் பரிசோதனைதான் உதவும். தமிழ்நாட்டில் டி.டி.பி.ஏ. முறையில் 1.2 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று கொள்வார்கள்.

நடவுக்கு முன்: மண்ணில்

ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ உலர் மணலில் கலந்து, சமன் செய்த வயலில் மேலாகத் தூவவேண்டும். ஹெக்டேருக்கு 6.25 டன் பசுந்தாள் உரம் மடக்கி உழுதிருந்தால் 12.5 கிலோ போதும். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்கக் கூடாது. மணிச்சத்தோடு சேர்ந்தால் துத்தநாகம் கரையாத உப்பாகிப் பயிருக்கு எட்டாது.

அறிகுறி வந்தபின்: இலையில்

லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், 10 கிராம் யூரியா. ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளித்தால் ஜிங்க் சல்பேட் 2.5 கிலோதான் செலவாகும். அறிகுறி மறையும்வரை 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். இது நிற்கிற பயிரைத் தேற்றும். மண்ணின் குறையைத் தீர்க்காது. மண்ணில் இட்டதோ அடுத்த பயிருக்கும் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு போகமும் கண்ணை மூடிக்கொண்டு இடாமல், மறுபடி மண்ணைப் பரிசோதித்துவிட்டு இடுங்கள்.

மூட்டையைப் பார்த்துக் கணக்கிடுங்கள்

மேலே சொன்ன அளவெல்லாம் 21 சதவீதத் துத்தநாகம் உள்ள ஹெப்டாஹைட்ரேட்டுக்கு. 25 கிலோவில் 5.25 கிலோ துத்தநாகம் இருக்கிறது. கடையில் 33 சதவீத மோனோஹைட்ரேட் கிடைத்தால், 5.25-ஐ 0.33-ஆல் வகுக்க வேண்டும்: ஹெக்டேருக்கு ஏறக்குறைய 16 கிலோ.

இரண்டு ஏக்கர், அதாவது 0.8 ஹெக்டேர் வயல், பரிசோதனையில் 0.8 பி.பி.எம்.; பசுந்தாள் உரம் இடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 21 சத மூட்டையென்றால் 20 கிலோவை 40 கிலோ மணலில் கலக்க வேண்டும். 33 சத மூட்டையென்றால் அதே மணலில் 12.7 கிலோ போதும். தக்கைப்பூண்டு வேண்டிய அளவு மடக்கி உழுதிருந்தால் இரண்டிலும் பாதி.