துக்கச் செய்தி வந்ததும் முதலில் விசா

கேள்வி: தம்பி ரியாத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அப்பா காலமானபோது உடனே டிக்கெட் போட்டும் அவனால் கிளம்ப முடியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: சவூதியிலிருந்து ஊருக்கு வந்து திரும்ப எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வேண்டும். அது கைக்கு வந்த பிறகே டிக்கெட். கம்பெனியே அதை ஆன்லைனில் எடுத்துத் தரும். தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்டவர் அப்ஷர் செயலியில் தாமே விண்ணப்பிக்கவும் வழியுண்டு. கட்டாத டிராஃபிக் அபராதம் இருந்தாலோ, பாஸ்போர்ட் காலாவதியாக 90 நாளுக்கும் குறைவாக இருந்தாலோ விசா நின்றுவிடும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

பெற்றோர் இறந்தால் 5 நாள் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு. காரியம் வரை இருக்க அது போதாது. மீதியை வருடாந்திர விடுப்பில் கேட்கலாம். கம்பெனி சான்று கேட்கலாம், இறப்புச் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

துக்கக் கட்டணச் சலுகை ஏர் கனடா, டெல்டா போன்ற சில நிறுவனங்களில்தான் உண்டு; வளைகுடா வழித்தடத்தில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வரும் வழிக்கு மட்டும் டிக்கெட் போடுங்கள். திரும்பும் தேதி மட்டும் ரீ-என்ட்ரி கெடுவைத் தாண்டக் கூடாது.