மழைக்கு முன் மாடிப் பூச்சும் கூரைத் தகடும்: ஆவணி, புரட்டாசி மாதங்களுக்கான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், மொட்டை மாடிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு பூச வேண்டிய வீடுகளில் அந்த வேலை புரட்டாசி முதல் வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் இந்த நாட்களில் பகலெல்லாம் வெயில் அடித்தாலும் மாலையில் இடிமழை பெய்வது வழக்கம் என்பதால், காலையில் பூசி மாலைக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும்படி வேலையைத் திட்டமிடுவது நல்லது. எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்விக்குப் போகும் முன், தளத்தின் ஈரத்தையும் வாட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழகத்துப் பழைய வீடுகளின் மாடித் தளத்தில், கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கைப் போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். வெயிலின் சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் இந்த அடுக்கு, ஓடுகளின் இணைப்புகளில் விரிசல் விட்டதும் மழைநீரைக் குடித்துத் தன்னுள் தேக்கிக்கொள்ளும் என்பதால், அறையின் உட்கூரையில் ஓதம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் நீர் இறங்குகிறது என்று நம்பிவிடக் கூடாது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும் மழைநீர்க் குழாயின் வாயிலும்தான் பெரும்பாலும் முதல் வழி திறக்கிறது. தளம் உள்ளே உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க, சுமார் அரை மீட்டர் சதுரமுள்ள ஒரு பாலிதீன் துண்டை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு இரவு விட்டு எடுத்தால் போதும். அடியில் நீர்த்துளிகள் கோர்த்திருந்தால், அந்தத் தளத்தின் மேல் அன்று பூசப்படும் எந்தப் பூச்சும், வெயிலில் ஆவியாகி எழும் ஈரத்தால் கொப்புளம் கட்டி உரியும். வாட்டம், அதாவது குழாயை நோக்கித் தளம் சரிந்திருக்கும் அளவு, ஏறத்தாழ 100 அடிக்கு 1 அடியாவது இருக்க வேண்டும். மழை நின்று 2 நாள் கழித்தும் நீர் தேங்கி நிற்கும் பள்ளங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்து, பூசுவதற்கு முன்பே கலவையிட்டுச் சரிசெய்வது கட்டாயம்.

இதைக் கட்டாயம் என்று சொல்லக் காரணம், சந்தையில் அதிகம் விற்கும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு நீரைக் கரைப்பானாகக் கொண்டது என்பதும், தேங்கிய நீரில் நாள்கணக்கில் ஊறினால் அது மென்மையாகிப் பிடிப்பை இழக்கும் என்பதுமே ஆகும். விலையில் கூடுதலான பாலியூரித்தேன் பூச்சு தேக்கத்தை மேலும் நன்றாகத் தாங்கும் என்றாலும், அதை ஈரத்தளத்தில் பூசினால் பழுது இன்னும் விரைவில் வெளிப்படும். வடகம் காயப்போடவும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவும் நாள்தோறும் ஆள் நடமாடும் மாடியில், நீர்த்தடுப்பு அடுக்கை ஓட்டுக்குக் கீழே அமைத்து, மேலே வெள்ளை ஓடு பதிப்பதே நீடித்த வழி. செலவு அதிகமானாலும் காலடியாலும் வெயிலாலும் பூச்சு தேய்வது அதில் இல்லை.

பூச்சின் ஆயுளைப் பிராண்டின் பெயரைவிட அதன் உலர்ந்த தடிப்பே தீர்மானிக்கிறது. இதற்கான கணக்கு எளிது: 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் பூசினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர் தடிப்பு வரும், பூச்சின் கன அளவில் பாதி திடப்பொருள் என்றால், நீர் ஆவியான பின் நிற்பது அரை மில்லிமீட்டர். உதாரணமாக, 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஒரு மாடியின் பரப்பு ஏறத்தாழ 93 சதுர மீட்டர். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டிய 12 சதுர மீட்டரையும் சேர்த்தால் 105. உற்பத்தியாளரின் தொழில்நுட்பத் தாள் 1 மில்லிமீட்டர் உலர்ந்த தடிப்பைக் கேட்டால், சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வீதம் 210 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி 11 தேவைப்படும். இதே மாடிக்கு 3 வாளி போதும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், உலர்ந்தபின் நிற்கும் தடிப்பு 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், 10 ஆண்டு உத்தரவாதம் அந்த வேலைக்குப் பொருந்தாது. வாளிகளின் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும், காலி வாளிகளை வீட்டுக்காரரே எண்ணிப் பார்ப்பதும் ஆகச் சிறந்த பாதுகாப்பு.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டு பண்புகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். சூரிய ஒளியில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பது எதிரொளிப்புத் திறன். உள்வாங்கிய சூட்டை எவ்வளவு எளிதில் வெளியே கதிர்வீசி விடுகிறது என்பது உமிழ்திறன். இவ்விரண்டையும் இணைத்து, கறுப்புப் பரப்புக்கு 0, நல்ல வெள்ளைப் பரப்புக்கு 100 என்று தரும் மதிப்பெண்ணே எஸ்.ஆர்.ஐ. எனப்படுகிறது. பளபளக்கும் வெற்று உலோகத் தகடு ஒளியை நன்றாகத் திருப்பினாலும் உமிழ்திறன் மிகக் குறைந்தது என்பதால் வெயிலில் கையை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. அதே தகட்டின் மேல் வெள்ளை வண்ணம் ஏறியதும் சூடு வெகுவாகத் தணிகிறது. புதிய பூச்சின் எண்ணை மட்டும் விளம்பரத்தில் காட்டுவார்கள் என்பதால், புழுதி படிந்து சில ஆண்டுகள் ஆன பின் எவ்வளவு மிஞ்சும் என்ற எண்ணையும் கேட்டுப் பெறுவது அவசியம்.

மாடிக்கு மேல் தகட்டுக் கூரை போடுவோர் எஃகின் தடிப்பையும் அதன் மேல் உள்ள காப்புப் பூச்சின் எடையையும் தனித்தனியே கேட்க வேண்டும். 0.50 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் வண்ணத் தகட்டில், வண்ணமும் உலோகப் பூச்சும் போக எஃகு மட்டும் 0.45 மில்லிமீட்டர் அளவே இருக்கக்கூடும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த காப்புப் பூச்சு, இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் இருப்பதை AZ150 என்று குறிக்கிறார்கள். மலிவான தகடுகளில் இது அதில் பாதிக்கும் குறைவாக இருப்பதுண்டு. கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்குப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் செல்லாது என்பதால், கடலிலிருந்து உள்ள தூரத்தைச் சொல்லி, அந்த முகவரிக்குப் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குவதோ அலுமினியத் தகட்டைத் தேர்வதோ நல்லது. துளையிடும்போது சிதறும் இரும்புத் தூள் அன்று மாலையே துடைக்கப்படாவிட்டால், அது துருப்பிடித்துத் தகட்டையும் அரிக்கும். பழைய கல்நார்த் தகட்டைக் கழற்றும் வீடுகளில், உடைக்காமலும் அறுக்காமலும் நீர் தெளித்து முழுத்தகடாக இறக்க வேண்டும். அதன் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு.

உத்தரவாதத் தாளில், அது பொருளை மட்டும் மாற்றித் தருமா, கூலியையும் ஏற்குமா, நீர் தேக்கமும் கட்டட விரிசலும் விலக்கப்பட்டுள்ளனவா, பூசுபவர் நிறுவனத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டுமா ஆகியவற்றைப் பணம் கொடுக்கும் முன் படித்துவிட வேண்டும். கைரசீது போதாது; பொருளின் தொகுதி எண் குறித்த வரிப் பட்டியல், வாளிகளின் படம், ஒவ்வொரு மேல்பூச்சுக்கும் இடையிலான நாள் ஆகியவற்றை வைத்திருந்தால்தான், கார்த்திகை மழையில் ஓதம் தெரிந்தால் கோரிக்கை நிற்கும்.