கண்ணுக்கு எழுதின கதையைக் காதுக்கு மாத்துறது எப்படி?

இந்த இதழில் ஒரு சின்ன பாடம். ஒரு சிறுகதையை ஒரே ஆள், ஒரே மைக்கில் ஆடியோவாக வாசிக்கும்போது எந்த வர்ணனையை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது, எதைக் குரலாக மாத்தணும்? பொதுவா பேசினா பிடிபடாது. அதனால ஒரே ஒரு கதையை எடுத்துக்குவோம்: புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’.

ஏன் இந்தக் கதை? 1943-ல் வந்தது. கதை பெரும்பாலும் இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான், அதனால் ஒரே ஆள் வாசிக்க வசதி. புதுமைப்பித்தன் எழுத்துகளைத் தமிழக அரசு 2002-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் அனுமதிப் பிரச்சினையும் இல்லை.

கதை தெரியாதவங்களுக்கு: சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, பிராட்வே - எஸ்பிளனேடு முனையில் நின்று, திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போகலாம் என்று யோசிக்கிறார். அப்போது ஒரு பெரியவர் வந்து வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். ரெண்டு பேரும் காபி குடிச்சிட்டு, பிள்ளை வீட்டுக்குப் போறாங்க. கடவுளால் இந்த ஊரில் பிழைக்க முடியுதா என்பதுதான் மீதிக் கதை.

இதை யார் கேட்கப் போறாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நம்ம ஆள் ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறி சென்ட்ரல் வரை இயர்போனில் கேட்கிறார்னு வெச்சுக்குவோம். புத்தகத்தில் குழப்பம் வந்தா கண்ணு தானாகவே ரெண்டு வரி மேலே போகும். அம்பத்தூரில் கூட்டம் ஏறும்போது ஒரு வரி தவறினா, காது திரும்பிப் போகாது. நம்ம முடிவுகள் எல்லாம் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வருது.

‘என்றார்’ எங்கே வரணும்?

தமிழில் பேச்சு முதலில் வரும். யார் பேசினார் என்பது கடைசியில் வரும். கண்ணுக்கு இது தொல்லை இல்லை, ஏன்னா வாக்கியம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். காதுக்கோ, பேச்சு முடிந்த பிறகுதான் ஆள் யாருன்னே தெரியும். நானே எழுதின ஒரு உதாரணம்:

பக்கத்தில்: “மழை வருமா?” என்று வானத்தைப் பார்த்தபடி சலிப்புடன் கேட்டார் ராமு.

ஆடியோவில்: ராமு வானத்தைப் பார்த்தார். “மழை வருமா?”

பெயர் முன்னால் வந்துவிட்டது. ‘கேட்டார்’ தேவையில்லை, கேள்வி கேட்கும் தொனியே போதும். ‘சலிப்புடன்’ குரலுக்குள் போய்விட்டது.

பிள்ளையும் கடவுளும் காபி ஓட்டலில் பேசும் இடத்தில் இதைச் செய்து பாருங்க. ரெண்டு குரலும் காதில் பதிந்த பிறகு, ‘என்றார் பிள்ளை’, ‘என்றார் கடவுள்’ எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆனா நடுவில் ஓட்டல் பையன் வந்து பேசுகிறான். மூணாவது ஆள் வந்த உடனே காது தடுமாறும். அந்த இடத்தில் பெயரை வெட்டாதீங்க. பையன் போன பிறகு முதல் ஒரு வரிக்கும் யார் பேசுகிறார் என்று சொல்லிவிடுங்க. அப்புறம் மறுபடி இல்லாமல் ஓட்டலாம்.

சொல்லணுமா, செஞ்சு காட்டணுமா?

‘கோபமாக’, ‘மெதுவாக’ மாதிரி சொற்களுக்கு விதி சுலபம்: சொல்லு, இல்லேன்னா செய், ரெண்டும் வேண்டாம். கோபமா பேசிட்டு ‘என்று கோபமாகச் சொன்னார்’னு சேர்த்தா, கேட்கிறவருக்கு ஒரே விஷயம் ரெண்டு தடவை வருது.

ஆனா செஞ்சு காட்டவே கூடாத இடமும் இந்தக் கதையில் இருக்கு. கடவுளின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பிள்ளையைச் சில நேரம் பயமுறுத்துகிறது, சில நேரம் குழந்தையின் சிரிப்பு போலத் தோன்றுகிறது என்று ஆசிரியர் சொல்கிறார். மைக் முன்னாடி நீங்க சிரிச்சா, அது ஏதோ ஒரு சிரிப்பாகத்தான் இருக்கும்: ஒண்ணு வில்லன் சிரிப்பு, இல்லேன்னா தாத்தா சிரிப்பு. ரெண்டுமாக இருக்கும் சிரிப்பு வர்ணனையில் மட்டும்தான் முடியும். அதனால் அந்த வரியைக் கதைசொல்லியின் சாதாரணக் குரலில் படிச்சிட்டு, அரை விநாடி விட்டு நகர்ந்துடுங்க. ஒலியைப் பற்றிய வர்ணனைன்னா உடனே ஒலியாக மாத்தணும்னு இல்லை.

வெட்டலாம்னு தோணும் காசுக் கணக்கு

கதைத் தொடக்கத்தில் பிள்ளை ஒரு கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாத்தி சென்ட்ரலைத் தாண்டின பிறகு டிக்கெட் வாங்கினால் அரை கப் காபி கிடைக்கும், ஆனா வெற்றிலை கிடையாது. சென்னையில் டிராம் நின்னதே 1953-ல். இன்னைக்கு யாருக்கும் அணா தெரியாது. வெட்டிடலாம்னுதான் முதலில் தோணும்.

வெட்டாதீங்க. பிள்ளை எவ்வளவு இறுக்கத்தில் இருக்கார் என்பதை ஆசிரியர் அந்தக் கணக்கிலேயே காட்டிடுறார். கொஞ்ச நேரத்தில் ஓட்டலில் கடவுள் நூறு ரூபாய் நோட்டை எடுக்கும்போது வரும் வேடிக்கைக்கும் இந்தக் காலணாதான் அடித்தளம். இதை வர்ணனையாக வாசிக்காமல் பிள்ளையின் குரலில், விரல் விட்டு எண்ணுகிற வேகத்தில் வாசிங்க. அணா எத்தனை பைசா என்று நடுவில் விளக்க வேண்டாம். ‘அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா’ என்று கதைக்கு முன்னாடி அறிமுகத்தில் ஒரு வரி போதும்.

அப்போ எதைத்தான் வெட்டுறது? பேச்சுக்கு நடுவில் வரும் சின்னச் சின்ன அசைவுகளை: எழுந்தார், திரும்பினார், தலையாட்டினார் மாதிரி. ஒரு அசைவை எடுத்துட்டு அடுத்த பத்து வரியைப் படிங்க. எதுவும் உடையலைன்னா அது போகலாம். சுருக்கினா, ஆரம்பத்திலேயே ‘சுருக்கப்பட்ட வாசிப்பு’ என்று சொல்லிடுங்க.

குரல் எவ்வளவு மாத்தணும்?

கொஞ்சம்தான். பிள்ளைக்கு வேகம், கடவுளுக்கு நிதானம். இந்த ஒரு வித்தியாசமே போதும். பிள்ளை மேலகரத்துக்காரர், அவர் பேச்சில் தெற்கத்தி வாடை எழுத்திலேயே இருக்கு. அதுக்கு மேல நாம சினிமா நெல்லைத் தமிழைச் சேர்த்தா கேலியாகிடும். பிள்ளையின் சின்ன மகள் வள்ளிக்குக் கீச்சுக்குரல் வேண்டாம். குழந்தைகள் வாக்கியத்தை முடிக்காம அடுத்த கேள்விக்குத் தாவுவாங்க இல்லையா? அந்தத் தாவல் இருந்தா போதும்.

கிசுகிசுப்பாக எதையும் வாசிக்காதீங்க. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருது. குரல் இறங்கும்போது ‘வந்தார்’, ‘வந்தாரா’ என்கிற வித்தியாசமே ட்ரெயின் சத்தத்தில் போயிடும்.

சோதனை

கதையைப் படிக்காத ஒரு ஃப்ரெண்ட்கிட்ட ஓட்டல் காட்சியை மட்டும் ட்ரெயினிலோ பஸ்ஸிலோ ஒரே ஒரு தடவை கேட்கச் சொல்லுங்க. நடுவில் நிறுத்தி ரெண்டு கேள்வி கேளுங்க: “இப்ப பேசினது யாரு?” “பிள்ளைகிட்ட காசு இருக்கா?” முதல் கேள்விக்குத் தயங்கினா ஒரு பெயரைத் திரும்பச் சேருங்க. ரெண்டாவதுக்குத் தயங்கினா, நீங்க வெட்டக் கூடாத வர்ணனையை வெட்டிட்டீங்க. மூலக்கதையைப் பக்கத்தில் வெச்சு, எந்த வரின்னு தேடிப் பிடிச்சுத் திரும்பப் போடுங்க.