அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால்: மனம் நோகாமல் மறுக்கச் சில குறிப்புகள்

வீட்டிலேயே ஆரி ஒர்க், தையல், கேக், பலகாரம் என்று ஆர்டர் எடுத்துச் செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி, கொடுத்த அட்வான்ஸை வாடிக்கையாளர் திருப்பிக் கேட்பதுதான். தர முடியாத நிலையில் நாம் எழுதும் நாலு வரியில்தான் அந்த உறவு நிற்பதும் முறிவதும். கல்யாண ஜாக்கெட் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

ஆர்டர் இதுதான். பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு அம்மா, பட்டுப் புடவையிலிருந்து வெட்டிய மெரூன் ஜாக்கெட் துணியைக் கொடுத்திருக்கிறார். ஆரி ஒர்க்கும் தையலும் சேர்த்து 6,500 ரூபாய், அட்வான்ஸ் 3,500. முதுகுக் கழுத்து முடிந்து, ஒரு கையும் முடிந்து, அடுத்த கை பாதியில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "மாப்பிள்ளை வீட்ல ஒரு துக்கம்மா. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. இப்ப ஜாக்கெட் வேண்டாம், குடுத்த பணத்தைத் திருப்பிக் குடுத்துடும்மா."

தையல்காரப் பெண் ஆர்டர் நோட்டின் ஓரத்தில், உதவிக்கு இருக்கும் தங்கைக்காக இப்படிக் குறித்து வைக்கிறார்: "பாதி ஒர்க் முடிஞ்சாச்சு. ரீஃபண்ட் கிடையாது. பில்லுலயே போட்டிருக்கு. சும்மா கேக்குறாங்க, சொல்லிடு."

1. இந்தக் குறிப்பை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். முதலில், மறுக்க நமக்கு நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். கல் உதிர்ந்திருந்தாலோ, கேட்ட டிசைன் மாறிப்போயிருந்தாலோ, சொன்ன தேதி தவறியிருந்தாலோ நியாயம் அவர் பக்கம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு இனிமையாக எழுதினாலும் மறுப்பு செல்லாது. நம் ஆர்டரில் குறை யார் பக்கமும் இல்லை, தேவை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்துக்குத்தான் கீழே உள்ள குறிப்புகள்.

2. நோட்டில் உள்ள நாலு வாக்கியத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். "சும்மா கேக்குறாங்க" என்பது நம் கோபம், காரணம் இல்லை. அதை அடித்துவிடுங்கள். "பில்லுலயே போட்டிருக்கு" என்பதும் காரணம் ஆகாது. விதி இருக்கிறது என்கிறதே தவிர, ஏன் இருக்கிறது என்று சொல்லவில்லை. "ரீஃபண்ட் கிடையாது" என்பது முடிவு. அது வேண்டும், ஆனால் வேறு சொற்களில். மிஞ்சுவது "பாதி ஒர்க் முடிஞ்சாச்சு". உண்மையான காரணம் முழுவதும் இந்த மூன்று சொல்லுக்குள்தான் அடைந்து கிடக்கிறது. அதைத்தான் பிரித்து எழுத வேண்டும்.

3. முதல் வரி அவர்கள் வீட்டு விஷயத்தைப் பற்றியதாக இருக்கட்டும். "உங்கள் நிலைமை புரிகிறது" என்று யாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினால் படிப்பவருக்கு ஒட்டாது. அவர் சொன்னதையே சொல்லுங்கள்: துக்கம் நடந்தது, முகூர்த்தம் தள்ளிப்போனது. ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. அந்த வாக்கியத்தின் வாலிலேயே "ஆனா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறுதல் சொன்னது வெறும் முன்னுரை என்று ஆகிவிடும். முற்றுப்புள்ளி வைத்து, ஒரு வரி இடம் விட்டு, பிறகு விஷயத்துக்கு வாருங்கள்.

வருத்தம் தெரிவிப்பது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். "எங்க மேல தப்புதான், மன்னிச்சிடுங்க" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பணம் தர முடியாது என்றால், தப்பு உங்களுடையது என்றால் பணம் ஏன் தரமாட்டீர்கள் என்று யாரும் கேட்பார்கள்.

4. முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு "பாக்கலாம்க்கா", "அப்புறம் சொல்றேன்" என்று இழுப்போம். அந்த அம்மா அதை நம்பி அந்த 3,500-ஐ வேறு ஒரு செலவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். பத்து நாள் கழித்து இல்லை என்று தெரியும்போது வரும் மனக்கசப்பு, இன்றே சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். "அட்வான்ஸைத் திருப்பித் தர இயலாத நிலையில இருக்கோம்" என்ற ஒரு வரி போதும்.

5. காரணத்தை வேலையிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஆரி ஒர்க் துணியை வெட்டித் தைப்பதற்கு முன்பே நடக்கிற வேலை என்பது வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. "இன்னும் தைக்கவே ஆரம்பிக்கலையே, அப்புறம் என்ன?" என்றுதான் நினைப்பார்கள். அவர் பெண்ணின் அளவுக்கு ட்ரேஸிங் பேப்பரில் கழுத்தும் கையும் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, அதைத் துணியில் பதித்து, ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய பிறகுதான் ஊசி இறங்குகிறது. கழுத்தின் ஆழம், கையின் சுற்றளவு எல்லாம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் பொருந்துகிறவை. பிரித்துவிடலாம் என்றால், பட்டில் ஊசி போன துளை மறையாது. துணியும் அவர்களுடையது, ஆகையால் வேறொருவருக்கு விற்கவும் வழியில்லை.

அடுத்தது பணம் போன வழி. ஆரி போடுபவருக்கு நாளைக்கு 700 வீதம் நாலு நாள் கூலி 2,800. ஜர்தோசி, மணி, கல் எல்லாம் சேர்த்து 850. மொத்தம் 3,650 ரூபாய், அதாவது அட்வான்ஸையும் தாண்டிவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது 2,500 மட்டுமே செலவாகியிருந்தால், மீதி 1,000-ஐத் திருப்பித் தருவதுதான் முறை. அந்த இடத்தில் முழுப் பணத்தையும் மறுப்பதற்கு எந்தக் காரணமும் நிற்காது. செய்தியில் மொத்தத்தை மட்டும் சொல்லுங்கள், விவரம் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். மேலே போன 150-ஐப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

6. நம்மால் முடிவதைச் சொல்லுங்கள், ஆனால் நிஜமாகவே செய்யப்போவதை மட்டும். இங்கே இரண்டு வழி இருக்கிறது. வேலையை இப்படியே நிறுத்தி, மேற்கொண்டு பணம் வாங்காமல் துணியைக் கொடுத்துவிடலாம். அல்லது துணியைப் பத்திரமாக வைத்திருந்து, புதுத் தேதி குறித்ததும் அதே 6,500-க்கு முடித்துத் தரலாம். துணி வெட்டப்படாததால் பக்கத்துத் தையலையும் டக்கையும் அப்போதைய அளவுக்கு வைத்துக்கொள்ள முடியும், கழுத்தையும் கையையும் மாற்ற முடியாது. இதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வைத்திருப்பதாகச் சொன்னால் மடிக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மடித்தால் ஜர்தோசி நசுங்கும், ஈரம் பட்டால் கறுக்கும்.

7. எல்லாம் சேர்த்து எழுதினால் செய்தி இப்படி வரும்:

"அக்கா, வணக்கம். மாப்பிள்ளை வீட்ல துக்கம்னு கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு. கல்யாண வேலையெல்லாம் பாதியில நிக்கிறது உங்களுக்கும் பாப்பாவுக்கும் எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியுது.

அட்வான்ஸ் 3,500-ஐத் திருப்பித் தர இயலாத நிலையில இருக்கோம்க்கா. ஏன்னு சொல்லிடுறேன். ஆரி ஒர்க்கைத் துணி வெட்டுறதுக்கு முன்னாடியே போடுவோம். உங்க செய்தி வர்றப்போ முதுகுக் கழுத்தும் ஒரு கையும் முடிஞ்சு, அடுத்த கை பாதி ஆகியிருந்துச்சு. இதுவரைக்கும் ஆரி போட்டவங்க கூலியும் ஜர்தோசி, மணி, கல்லும் சேர்த்து அட்வான்ஸ் முழுசும் செலவாகிடுச்சு. பாப்பா அளவுக்குப் போட்டதால வேற யாருக்கும் இது உதவாது, பிரிச்சா பட்டுல துளை தெரியும். அதனாலதான் ஊசி போட்டதுக்கு அப்புறம் அட்வான்ஸ் திருப்பித் தர்றதில்லைன்னு பில்லுல போட்டிருக்கோம்.

துணியை இப்படியே வாங்கிக்கிறதா இருந்தா, மேல எதுவும் தர வேண்டாம். இல்லைன்னா நான் பத்திரமா வெச்சிருந்து, புது முகூர்த்தம் குறிச்சதும் பேசின அதே விலைக்கு முடிச்சுத் தர்றேன். கழுத்து, கை மட்டும் மாத்த முடியாது, மத்த அளவெல்லாம் அப்ப புதுசா எடுத்துக்கலாம். எதுன்னு இப்பவே சொல்லணும்னு இல்லைக்கா, மெதுவா சொல்லுங்க."

நோட்டில் இருந்த முடிவும் இதில் இருக்கும் முடிவும் ஒன்றுதான். பில்லைப் பற்றிய வரி காரணத்துக்குப் பின்னால் வந்திருப்பதைக் கவனியுங்கள். முன்னால் வந்தால் மிரட்டுவதுபோல் இருக்கும்.

8. அனுப்பும் நேரத்தையும் பாருங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பணப் பேச்சு வேண்டாம். "செய்தி பாத்தேன்க்கா, வேலையை நிறுத்தி வெச்சிருக்கேன், காரியம் முடியட்டும், பேசுறேன்" என்று அன்றே ஒரு வரி அனுப்பிவிட்டு, உடனே ஊசியையும் நிறுத்திவிடுங்கள். செய்தி வந்த பிறகும் ஓடிய வேலைக்கு அவரிடம் கூலி கேட்க முடியாது. விளக்கம் அனுப்பும்போது, ஸ்டாண்டில் துணி இருக்கும் படத்தை, செய்தி வந்த அன்றே எடுத்ததாக இருந்தால், கூடவே வையுங்கள். பாதியில் நிற்கும் கையைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

9. அவர் மறுபடியும் கேட்டால் புதுக் காரணம் தேடாதீர்கள். முதலில் கூலி என்று சொல்லிவிட்டு அடுத்த தடவை "வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டார்" என்றால், முதலில் சொன்னதும் பொய்யோ என்று தோன்றிவிடும். அதே காரணத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்லி, கூலிக் கணக்கையும் கடைப் பில்லையும் காட்டுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம் என்று நீங்களே சொல்லலாம். கணக்கு சரியாக இருப்பவர் அதைச் சொல்லப் பயப்பட வேண்டியதில்லை.

10. அடுத்த ஆர்டருக்கு முன் பில் புத்தகத்தின் வாசகத்தை மாற்றிவிடுங்கள். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற ஒற்றை வரியைவிட, கட்டம் கட்டமாக எழுதுவது நல்லது: துணியில் டிசைன் பதிக்கும் முன் சொன்னால் முழு அட்வான்ஸும் திரும்பக் கிடைக்கும், பதித்த பிறகு வரைந்த கூலியும் வாங்கிய சாமானும் கழியும், ஊசி போட்ட பிறகு அன்றுவரை ஆன செலவு போக மீதி இருந்தால் தரப்படும். ஆர்டர் எடுக்கும்போதே இதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, பதிக்கப்போகும் தேதியை பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிப்பதற்கு முதல் நாள் "நாளைக்கு டிசைன் போடப் போறேன்க்கா, சரிதானே?" என்று ஒரு செய்தி அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே துணியில் டிசைனைப் பதியுங்கள்.