காப்புறுதி முகவரின் கொமிஷனும் வெட்டப்பட்ட ஐந்து வீதமும்

அலவத்துகொட, அக்குறணைப் பக்கத்தில் கடை நடத்திக்கொண்டே காப்புறுதி முகவராகவும் வேலை செய்கிற சகோதரர்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் அண்மையில் என் கடைக்கு வந்து, "நானா, கம்பனிதான் ஐந்து வீதம் வெட்டுதே, பிறகு நான் என்னத்துக்கு இறைவரித் திணைக்களத்துக்குப் பத்திரம் நிரப்ப வேணும்?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் இந்த வாரம் அதையே விளக்கமாக எழுதுகிறேன்.

வெட்டப்படும் அந்த ஐந்து வீதம் பிடித்துவைத்தல் வரி எனப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, காப்புறுதி முகவருக்குக் கொடுக்கும் கொமிஷனை அவ்வாறு வெட்ட வேண்டிய கொடுப்பனவுகளில் ஒன்றாகச் சொல்கிறது. 2020 ஜனவரியில் இது நீக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் 2023 ஜனவரி 1 முதல் மீண்டும் வந்தது. அப்போது மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கொடுப்பனவுக்கு ஐந்து வீதம் என்று வைத்தார்கள். இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேலே உள்ள மிச்சத்தில் மட்டும் வெட்டுவதில்லை. கொமிஷன் ஒரு லட்சத்து ஐயாயிரம் என்றால் அந்த முழுத் தொகையிலுமே ஐந்து வீதம், அதாவது 5,250 ரூபா போய்விடும்.

ஆனால் இது உங்களுடைய இறுதி வரியல்ல. உங்கள் பெயரில் கம்பனி முன்கூட்டியே கட்டிவைக்கும் ஒரு முற்பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வரி வருட முடிவில்தான் தெரியவரும். அது செலவு கழித்த இலாபத்தில் கணிக்கப்படுவது. கம்பனியோ செலவு எதையும் பாராமல் மொத்தக் கொமிஷனில் வெட்டுகிறது. ஆகவே இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான வரி வருடத்தில் ஒரு முகவருக்கு ஏழு மாதங்கள் தலா 190,000 ரூபா கொமிஷன் கிடைத்தது. மற்ற ஐந்து மாதங்கள் மந்தம், தலா 82,000 ரூபா. வருடத்துக்கு மொத்தம் 1,740,000 ரூபா. ஏழு மாதங்களில் மட்டும் வெட்டு விழுந்தது, 66,500 ரூபா. மந்தமான மாதங்களில் ஒரு சதமும் வெட்டவில்லை. அதனால் அந்த 410,000 ரூபா கணக்கில் சேராது என்று நினைக்கக் கூடாது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அது வருமானம்தான். அதேபோல் வங்கிக்கு வந்த தொகையை வருமானமாகக் காட்டாமல், வெட்டுவதற்கு முன்னுள்ள தொகையைக் காட்ட வேண்டும்.

இனிச் செலவு. இவர் மாத்தளைப் பக்கமும் கண்டிப் பக்கமும் மோட்டார் சைக்கிளில் திரிகிறார். பெற்றோலுக்கு வருடத்தில் 240,000 ரூபா போனது. அதில் நான்கில் ஒரு பங்கு வீட்டுத் தேவைக்கு என்று கழித்து, 180,000 ரூபாவை மாத்திரம் தொழிற்செலவாக எழுதினார். திருத்த வேலையில் தொழிலுக்குரிய பங்கு 25,000, தொலைபேசியில் தொழிலுக்குரிய பங்கு 24,000, அச்சுவேலையும் காகிதாதிகளும் 31,000, தவணைப் பணம் சேகரிக்க வைத்த பையனுக்கு மாதம் பத்தாயிரம் வீதம் 120,000. ஆக 380,000 ரூபா. இலாபம் 1,360,000. அந்த வருடத்துத் தனிநபர் நிவாரணம் 1,200,000 ரூபா. அதைக் கழித்தால் மிஞ்சுவது 160,000. அதற்கு ஆறு வீதம், 9,600 ரூபா வரி. ஆனால் கம்பனி வெட்டியதோ 66,500. ஆகவே இவருக்கு 56,900 ரூபா திரும்ப வர வேண்டும். பத்திரம் நிரப்பாமல் இருந்தால் யாரும் அதைத் தேடிக்கொண்டுவந்து தரப் போவதில்லை.

இதே மனிதருக்கு ஒரு கடையும் இருந்து, அதில் 1,500,000 ரூபா இலாபம் வந்தால் கதை மாறிவிடும். இரண்டையும் சேர்த்து நிவாரணம் கழித்தால் 1,660,000 ரூபாவுக்கு வரி. அந்த வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு ஒரு படியாக 6, 12, 18, 24 வீதம் என்று ஏறியது. முதல் மூன்று படிக்கு 180,000, மிச்சம் 160,000 ரூபாவுக்கு 38,400, மொத்தம் 218,400 ரூபா. வெட்டிய 66,500 போக இன்னும் 151,900 ரூபா கட்ட வேண்டும். நம்முடைய வர்த்தகர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கம்பனி வெட்டியதோடு விடயம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பின்னர் வட்டியோடும் தண்டப்பணத்தோடும் கடிதம் வரும்.

2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு மேலே முதல் பத்து லட்சத்துக்கு ஆறு வீதம். அதே கடைக்காரருக்கு அதே வருமானம் என்றால் வரி 70,800 ரூபாவாக இறங்கும். முதல் உதாரணத்து முகவருக்கு வரியே வராது, வெட்டியது முழுவதும் மீளக் கேட்கலாம்.

எந்தச் செலவு செல்லும், எது செல்லாது என்பதில்தான் சண்டை வருவது. வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவாக இருக்க வேண்டும், அதைக் காட்டக் கடதாசி இருக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடு, உடுப்பு, பிள்ளைகளின் கட்டணம் ஆகியவை சொந்தச் செலவு. வாடிக்கையாளரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்தால் அது உபசாரச் செலவு, அதையும் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. கார் வாங்கிய விலையைச் செலவாக எழுத முடியாது. தேய்மானமாகக் கழிக்கலாமே என்பார்கள், சாதாரணப் பயணிகள் காருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இன்னும் இரண்டு வழக்கங்கள் முகவர்களிடம் உண்டு. முதல் வருடக் கொமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளரின் கையில் கொடுத்து ஆளைப் பிடிப்பது ஒன்று. கொமிஷன் முழுவதும் உங்கள் பெயரில் வந்திருக்க, கொடுத்ததற்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை, கேள்வி வந்தால் பதில் இல்லை. மற்றது, காப்புறுதி காலாவதியாகிவிடும் என்று வாடிக்கையாளரின் தவணையைத் தன் பணத்தில் கட்டுவது. அது அவருக்குக் கொடுத்த கடன்தானே தவிர உங்கள் தொழிற்செலவு அல்ல. அதைத் தனிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டிய பணத்துக்குக் கம்பனி தரும் சான்றிதழைக் கேட்டுப் பெற்று வைக்க வேண்டும். அதிலுள்ள உங்கள் பெயர், டின் இலக்கம், தொகை மூன்றையும் கொமிஷன் கூற்றோடு ஒப்பிடுங்கள். டின் இலக்கம் பிழைத்தால் வெட்டிய பணம் உங்கள் கணக்கில் சேராமல் நிற்கக்கூடும், அதைத் திருத்திக்கொடுக்க வேண்டியது கம்பனிதான். பற்றுச்சீட்டுகளையும் ஓட்டக் குறிப்பையும் ஐந்து வருடம் வைத்திருங்கள். எத்தனை கிலோமீற்றர், யாரைப் பார்க்கப் போனேன் என்று அன்றன்றைக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

திகதிகளும் முக்கியம். 2024/2025 வருடத்துக்குத் தவணை வரி 2024 ஆகஸ்ட் 15, நவம்பர் 15, 2025 பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் கட்ட வேண்டியிருந்தது. மீதி 2025 செப்டம்பர் 30, வருமான விபரத் திரட்டு 2025 நவம்பர் 30. தவணையைக் கணிக்கும்போது கம்பனி வெட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். கடை இலாபமும் உள்ளவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் அதுவரையான கொமிஷன் கூற்றையும் கடைக் கணக்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கணக்காளரிடம் போக வேண்டும்.